நூலில் கட்டிய திறப்பு

கடந்த மாதம் எங்கள் வைத்தியசாலையின் அம்புலன்ஸ் சாரதி ஓய்வு பெற்றார். சிற்றுண்டிச்சாலையில் நடந்த பிரியாவிடையில் பேசியவர்களில் ஒருவர், இரவு அழைப்புகளில் அவர் காற்றாய்ப் பறந்து பல உயிர்களைக் காப்பாற்றினார் என்று பாராட்டினார். முன்வரிசையில் இருந்த அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். 2011 முதல் தாதிய உத்தியோகத்தராக அந்த வண்டியின் பின்பகுதியில் எத்தனையோ இரவுகள் இருந்து வந்தவள் என்ற முறையில், அவர் ஒருநாளும் பறந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் நேரத்தைச் சேமித்த இடம் வேறு. அதை மேடையில் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை; ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடைய வைத்தியசாலை திருகோணமலை நகருக்கு வடக்கே, குச்சவெளிப் பக்கத்துக் கரையோரத்தில் உள்ள சிறிய வைத்தியசாலை. செயற்கைச் சுவாச இயந்திரமோ சத்திரசிகிச்சைக் கூடமோ இங்கு இல்லை. எங்களால் இயலாத நோயாளரைத் திருகோணமலை பொது வைத்தியசாலைக்கு அனுப்புவோம். வழியில் கும்புறுப்பிட்டி, இறக்கக்கண்டிப் பாலம், நிலாவெளி, சாம்பல்தீவு, உப்புவெளி எல்லாம் தாண்ட வேண்டும். நாற்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான அந்தத் தூரத்தைப் பகலில் ஓட்டுகிறவர்கள், இரவில் போக்குவரத்து இல்லாததால் இன்னும் கெதியாகப் போகலாம் என்று நினைப்பார்கள். இரவில் அந்த வீதியில் மாடுகள் படுத்திருக்கும். பகல் முழுவதும் வெயில் குடித்த தார் இரவிலும் சூடாக இருப்பதால் மழையில்லாத நாட்களில் அவை வயலை விட்டு வீதிக்கு வந்துவிடும். கறுத்த மாடு கறுத்த தாரில் படுத்திருப்பதை விளக்கு வெளிச்சத்தில் கண்ட பின் நிறுத்துவதென்றால், மணிக்கு அறுபது கிலோமீற்றரிலேயே நெஞ்சு திக்கென்றுவிடும்.

ஆகவே எங்கள் சாரதி அண்ணை வீதியில் நேரத்தைத் தேடவில்லை. அதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருமுறை கேட்டபோது, கிண்ணியாவில் என்றார். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படுவதற்கு முன்பு கிண்ணியாவுக்கும் திருகோணமலைப் பக்கத்துக்கும் இடையிலுள்ள நீரைத் தாண்டப் பாதை ஒன்றுதான் இருந்தது. வாகனங்களை ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகும் மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவர் அந்தப் பக்கம் இருந்தார். நள்ளிரவில் பிள்ளைப்பேற்று வலியோடு ஒரு தாயை ஏற்றிக்கொண்டு துறைக்கு வந்தால், பாதை அக்கரையில் நிற்கும், ஓட்டுபவர் உறங்கிக்கொண்டிருப்பார். நீளமாக மூன்று முறை ஹோர்ன் அடித்து, விளக்கை அணைத்து அணைத்துக் காட்டி, அவர் எழும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். வீதியில் எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்தக் காத்திருப்புக் குறையவில்லை. பிறகு, வைத்தியசாலையை விட்டு வெளிக்கிடும்போதே துறைக்கு அருகில் இருந்த ஒருவருக்குச் சொல்லி அனுப்பி ஓட்டுபவரை எழுப்பி வைக்கும் ஏற்பாட்டைச் செய்தாராம். யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளிலும் அப்படியே. சாவடிக்கு முன்பே தலைவிளக்கை அணைத்து உள்விளக்கைப் போட்டு, மெதுவாகப் போய் நிற்கிற வண்டி விரைவில் விடப்படும். வேகமாக வந்து பிறேக் அடிக்கிற வண்டிக்கு எல்லாக் கேள்வியும் கேட்கப்படும். உருளாமல் நிற்கும் நிமிடங்களைத்தான் குறைக்க வேண்டும் என்பதை அவர் அந்த ஆண்டுகளில் படித்திருந்தார்.

எங்களிடம் வந்த பிறகு, மாலை ஆறு மணிக்கு அவர் செய்கிற காரியங்களில் அது தெரிந்தது. வண்டியைப் பின்பக்கமாகக் கொட்டிலுக்குள் விட்டு முகப்பு வாசலைப் பார்க்க நிறுத்துவார். டீசல் பாதிக்குக் கீழே இருந்தால் அன்றைக்கே நிரப்பிவிடுவார். நோயாளி படுக்கும் தள்ளுகட்டிலின் சக்கரப் பூட்டுகளைக் காலால் அழுத்திப் பார்ப்பார். கடைசியாகப் பின்கதவைத் திறந்து ஒட்சிசன் சிலிண்டர்களுக்கு முன்னால் குந்தியிருப்பார்.

சிலிண்டர் விடயத்தில் என்னுடைய தவறு ஒன்று இருக்கிறது. 2012 இல் ஓர் இரவு, மூச்சிழுப்பு முற்றிய வயோதிபத் தாயொருவரை ஏற்றிச் சென்றோம். புறப்படுவதற்கு முன் வண்டியின் சாமான்களைப் பார்ப்பது என்னுடைய கடமை. முதல் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தேன். அது நல்ல நிலையில் இருந்தது. இரண்டாவதை ஆட்டி மட்டும் பார்த்தேன். நிலாவெளிக்குக் கிட்ட முதலாவது தீர்ந்து, இரண்டாவதைத் திறக்கப் போனால், வால்வைத் திருப்பும் திறப்பைக் காணவில்லை. முந்தைய பயணத்தில் யாரோ எடுத்துத் திரும்ப வைக்கவில்லை. அண்ணை வண்டியை ஓரங்கட்டி, கருவிப்பெட்டியில் இருந்த ஸ்பனரைக் கொண்டுவந்து திறந்தார். இரண்டு நிமிடமும் ஆகியிராது, ஆனால் அந்தத் தாயின் உதடு நீலம் பாரித்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்காக அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் பார்த்தபோது, இரண்டு சிலிண்டர்களின் கழுத்திலும் மீன்பிடி நைலோன் நூலில் கட்டிய திறப்பு தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றைக் கழற்றி மற்றதற்கு எடுக்கவே முடியாதபடி நூல் குட்டையாக இருந்தது.

அதன் பிறகுதான் சிலிண்டர் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தார். தாதியர் பயிற்சியில் நானும் படித்ததுதான். பரீட்சைக்குப் பின் பயன்படுத்தியதில்லை. சிலிண்டரின் நீர்க்கொள்ளளவை முள் காட்டும் அமுக்கத்தால் பெருக்கினால் உள்ளே எத்தனை லீற்றர் வாயு இருக்கிறது என்பது வரும். எங்கள் சிறிய சிலிண்டர் ஐந்து லீற்றர் கொள்ளளவு கொண்டது. முள் 100 பார் அமுக்கத்தில் நின்றால் 500 லீற்றர். நிமிடத்துக்கு 10 லீற்றர் விட்டால் 50 நிமிடம். ஆனால் அடியிலுள்ள 20 பாரை அவர் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். மீதி 80 பாருக்கு 400 லீற்றர், 40 நிமிடம். இங்கே பலரும் பிழைவிடுவது பயண நேரத்தை எடுப்பதில்தான். வாசலிலிருந்து வாசலுக்கு 45 நிமிடம் என்பது வண்டியின் கணக்கு. நோயாளியின் கணக்கு எங்கள் விடுதிக் கட்டிலிலிருந்து அங்குள்ள கட்டில் வரை. ஏற்றுவதற்கு ஐந்து நிமிடம், இறக்கி ஒப்படைப்பதற்குப் பத்து நிமிடம், மழையென்றால் இன்னும் ஐந்து என்று அவர் கூட்டுவார். மொத்தம் 60 நிமிடத்துக்கும் அதற்கு மேல் பாதியளவுக்கும் வாயு இல்லாவிட்டால் களஞ்சியத்தைத் திறப்பித்து வேறு சிலிண்டர் எடுத்துவருவார். களஞ்சியப் பொறுப்பாளருக்கு அது அலுப்பாகத்தான் இருந்தது.

இவையெல்லாம் ஒரே இரவில் ஒன்றுசேர்ந்ததை நான் கண்டது 2014 ஐப்பசியில்.

கடற்கரையோர மீன்பிடி வாடியொன்றில், மணல் தரையில் பாய் விரித்து உறங்கிய இளைஞன் ஒருவன்; வயது இருபத்திரண்டு. இரவு பதினொன்றரை மணியளவில் வயிற்று நோவோடு எழும்பியிருக்கிறான். இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சுடுதண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுத்தான். சிறிது நேரத்தில் நோ கூடி, கண் திறக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னதும் அண்ணன்காரன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். வந்து சேர்ந்தது 12.40 மணிக்கு. பாம்பை யாரும் காணவில்லை. கடித்த அடையாளமும் தெளிவாகத் தெரியவில்லை. இடது விலாவில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி இருந்தது, அவ்வளவே. வீக்கமும் இல்லை, நோவும் இல்லை.

எண்ணெய் விரியன் என்று எங்கள் பக்கத்திலும் கட்டுவிரியன் என்று புத்தகங்களிலும் சொல்லப்படும் பாம்பின் கடி அப்படித்தான் இருக்கும். மழை தொடங்கும் காலத்தில், இரவில், தரையில் படுப்பவர்களை அது கடிக்கும். பலருக்குக் கடிபட்டதே தெரியாது. வயிற்று நோ வரும், பிறகு கண்ணிமை தானாகக் கீழே இறங்கும், விழுங்க முடியாமல் எச்சில் தேங்கும், தலையணையிலிருந்து தலையைத் தூக்க இயலாமல் போகும். கடைசியில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துபோகும். பணியிலிருந்த வைத்தியர் இமையைக் கண்டவுடனே முடிவுசெய்தார். அட்ரினலின் ஊசியை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு, விஷ எதிர்மருந்து பத்துக் குப்பிகளைச் சேலைனில் கலந்து 12.55 மணிக்கு ஏற்றத் தொடங்கினோம். எதிர்மருந்து இரத்தத்தில் ஓடும் விஷத்தைத்தான் பிடிக்கும். நரம்பு நுனியில் ஏற்கெனவே இறங்கிவிட்ட விஷத்தை அது திரும்ப எடுக்காது. அந்த நுனி தானாக ஆற நாட்கள் ஆகும். அதுவரை மூச்சை வேறொருவர் அவனுக்காக விட வேண்டும். அதனால்தான் சுவாச இயந்திரம் இல்லாத எங்கள் இடத்தில் அவனை வைத்திருக்க முடியவில்லை.

அவனுடைய மூச்சுப் பலத்தை அறிய வைத்தியர் ஒரு எளிய முறையைப் பயன்படுத்தினார். நன்றாக மூச்சை இழுத்து, அதே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணச் சொல்வது. நல்ல தேகாரோக்கியம் உள்ளவர் முப்பதைத் தாண்டுவார். வந்தவுடன் அவன் 26 வரை எண்ணினான். எதிர்மருந்து முடியும் தறுவாயில் 22. மூச்சு இன்னும் போதுமாக இருந்ததால் மூச்சுக்குழலுக்குள் குழாய் இடாமலே அனுப்புவதென்று முடிவானது. இன்றைக்கு அதே நிலையில் ஒருவன் வந்தால் குழாய் இட்டு, மூச்சுப் பாதையைக் காத்துத்தான் அனுப்புவேன் என்று அந்த வைத்தியர் பின்னாளில் சொன்னார். ஆனால் அன்று வைத்தியசாலையில் அவர் ஒருவரே வைத்தியர். கூட வரவும் முடியாது.

புறப்படுவதாக முடிவெடுத்து நான் தொலைபேசியை எடுத்தபோது, அண்ணை ஏற்கெனவே வாசலில் நின்றார். ஓட்டோவில் ஒருவனைத் தாங்கி இறக்குவதைத் தன் அறை யன்னலால் கண்டு, எழும்பிச் சட்டை மாட்டி, இயந்திரத்தை ஒருமுறை ஓட விட்டு அணைத்திருந்தார். சிலிண்டர் இரண்டையும் பார்த்துவிட்டார். பொது வைத்தியசாலைக்கு வைத்தியர் பேசித் தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் உறுதியாகிற வரைக்கும் அவர் அவசரப்படவில்லை. இடம் உறுதியென்று தெரிந்ததும் மூன்று நிமிடத்துக்குள் வண்டி வாசலைத் தாண்டியது; மணி 2.10. பின்னால் நானும் ஒரு சிற்றூழியர் தம்பியும். முன்னால் அண்ணன்காரன்.

கும்புறுப்பிட்டியில் எண்ணச் சொன்னேன். 15. முன்னாலிருந்து குரல் வந்தது.

“மிஸ், எத்தினை?”

“பதினஞ்சு, அண்ணை.”

அவர் பதில் சொல்லவில்லை, வேகத்தையும் கூட்டவில்லை. நான் உள்ளுக்குள் பொறுமை இழந்துகொண்டிருந்தேன். எச்சிலை உறிஞ்சி எடுத்து, பக்கவாட்டில் தலையைத் திருப்பி வைத்தேன். இறக்கக்கண்டிப் பாலத்துக்குச் சற்று முன்பு மறுபடி கேட்டபோது ஒன்பதோடு நின்றுவிட்டது. பத்து என்று உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. விரலில் மாட்டிய கருவியில் ஒட்சிசன் அளவு 91 க்கு இறங்கியது. நான் “ஒன்பது” என்று கத்தினேன். கத்தி முடிவதற்குள் வண்டி ஓரங்கட்டப்பட்டு நின்றது.

“கெதியாப் போங்கோ அண்ணை, ஏன் நிக்கிறீங்கள்?” என்றேன்.

“ஒரு நிமிசம் நிக்கிறன். பையைச் சரியாப் பிடிச்சிட்டுச் சொல்லுங்கோ.”

அவர் சரி, நான் பிழை. அவர் சொன்ன பை, கையால் அழுத்தி நோயாளிக்கு மூச்சுக் கொடுக்கும் அம்பு பை. அதன் முகமூடியை முகத்தோடு காற்றுக் கசியாமல் பொருத்துவது ஓடும் வண்டியில், அதுவும் பாலத்தின் பொருத்துகளில் குலுங்கும்போது, நடக்காத காரியம். கசிந்தால் பையை எவ்வளவு அழுத்தினாலும் நெஞ்சு எழும்பாது. நின்ற வண்டியில், நான் தலைமாட்டில் முழங்காலிட்டு, அவனுடைய தாடையை இரண்டு கைகளாலும் முன்னோக்கி இழுத்து முகமூடிக்குள் கொண்டுவந்து பிடித்தேன். தம்பி அம்பு பையை அழுத்தினான். நெஞ்சு எழும்பியது. இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பிடிக்கவே, மற்றவர் அழுத்தவே. ஒற்றை ஆளாக இரண்டையும் செய்யலாம் என்று படங்களில் காட்டுவது அனுபவசாலிகளுக்கு. அளவு 96 க்கு ஏறியதும் “போகலாம்” என்றேன். நின்றது ஒன்றரை நிமிடம் இருக்கும்.

அதன் பிறகு அவர் ஓட்டியதை நான் அவ்வளவு கவனித்ததில்லை. மணிக்கு ஐம்பதில் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மேட்டுக்கும் வளைவுக்கும் சற்று முன்னதாகக் குரல் கொடுத்தார்: “பாலம் முடியுது, ஒரு குலுக்கல்.” “வலப்பக்கம் வளைவு.” “மாடு நிக்குது, பிறேக் போடுறன்.” குரல் கேட்டதும் நான் முழங்கையைக் கட்டிலில் ஊன்றிக்கொள்வேன், குலுங்கும்போது முகமூடி அசையாது. பதற்றத்தில் தம்பி பையைப் படபடவென்று அழுத்தத் தொடங்கினான். அண்ணைக்கு அதுவும் வால்வின் சத்தத்தில் கேட்டிருக்கிறது. “தம்பி, கெதியா அமத்துறாய். நான் எண்ணுறன், அஞ்சுக்கு ஒருக்கா அமத்து” என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எண்ணத் தொடங்கினார். ஐந்து அல்லது ஆறு வினாடிக்கு ஒன்று போதும், அதுவும் நெஞ்சு எழும்புவது தெரிகிற அளவுக்கு மட்டும். விரைவாகவும் பலமாகவும் அழுத்தினால் காற்று இரைப்பைக்குள் போய், வாந்தி வந்து, அது மூச்சுக்குழலில் இறங்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தக் கடியில் நுரையீரல் பழுதாவதில்லை. ஊதிக்கொடுக்கும் தசைதான் ஓய்ந்திருக்கிறது. ஆகவே ஒட்சிசன் தீர்ந்துபோனாலும் சாதாரணக் காற்றையே பையால் செலுத்திக்கொண்டிருந்தால் ஆள் தாக்குப்பிடிப்பார். சிலிண்டர் முள்ளைப் பார்த்துப் பயந்து பையை விட்டுவிட்டு சிலிண்டர் மாற்றப் போகிறவர்கள்தான் ஆளை இழக்கிறார்கள். முதலில் பை, பிறகு சிலிண்டர்.

நிலாவெளியை நெருங்கும்போது அவனிடம் அசைவே இல்லை. இமை முழுதாக மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தால் கருமணி விரிந்து, டோர்ச் வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. நகத்தை அழுத்தினாலும் கை இழுபடவில்லை. கண்ணாடித் தடுப்பின் வழியே இதைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன்காரன், “அவன் போயிட்டான், விட்டிடுங்கோ” என்று தலையில் அடித்துக்கொண்டான். அண்ணை ஒரு கையை அவனுடைய தோளில் வைத்தார்.

“கத்தாதை தம்பி. அவனுக்கு எல்லாம் கேக்குது.”

அது ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை என்றுதான் நானே அப்போது நினைத்தேன். ஆனால் அவனுக்கு உண்மையிலேயே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கட்டுவிரியன் விஷம் தசையை இயக்கும் நரம்பு நுனிகளைத்தான் முடக்குகிறது. மூச்சு ஒழுங்காகச் செலுத்தப்பட்டால் மூளை விழித்தே இருக்கும். ஆள் இறந்தவர்போலக் கிடப்பார், பேச்செல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். கண்மணியை மட்டும் பார்த்து மூளை செத்துவிட்டது என்று முடிவுக்கு வரக்கூடாது. முன்பொருமுறை ஒரு வைத்தியர் இதைத் தனக்குச் சொன்னதாக அண்ணை பின்னர் கூறினார். அவர் அதோடு நிற்கவில்லை. எங்களுக்குக் கொடுத்த குரலை அவனுக்கும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார். “தம்பி, நிலாவெளி வந்திட்டுது.” “சாம்பல்தீவு, இனிக் கொஞ்சத் தூரந்தான்.” “உப்புவெளி. மிஸ் கையை விடேல்லை, நீயும் விட்டிடாதை.”

பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் வண்டி பின்பக்கமாக ஏறி நின்றபோது மணி 3.05. தள்ளுகட்டில் தயாராக இருந்தது. என் கைகள் முகமூடியை விட்டு எழும்பவில்லை. விரல்கள் அப்படியே மடங்கிப்போயிருந்தன. அங்கிருந்த வைத்தியர்தான் ஒவ்வொன்றாக விரித்து எடுத்தார். முதல் சிலிண்டரின் முள் அடித்தட்டில் இருந்தது. இரண்டாவதைத் தொட வேண்டியே வரவில்லை.

நான்கு நாட்கள் அவன் இயந்திரத்தில் இருந்தான். ஐந்தாம் நாள் இமை பாதி திறந்தது. பதினோராம் நாள் நடந்து வீட்டுக்குப் போனான். ஒரு மாதம் கழித்துக் கருவாட்டுப் பொதி ஒன்றோடு எங்களிடம் வந்தவன் என்னை அடையாளம் காணவில்லை. என் முகத்தை அவன் பார்த்ததே இல்லையே. அண்ணை வந்து “எப்பிடித் தம்பி?” என்று கேட்டதும் சட்டென்று எழும்பி நின்றான். “ஊர்ப்பேர் சொல்லிக்கொண்டு வந்தது நீங்கள்தானே” என்றான். யாரோ தன்னை விட்டுவிடச் சொன்னதும் கேட்டது, இல்லை இல்லை என்று சொல்ல முடியாமல் கிடந்தேன் என்றும் சொன்னான். அவனுடைய அண்ணன் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லா இரவும் அப்படி முடியவில்லை. நெஞ்சு நோவென்று ஒருவரை வீட்டில் மூன்று மணி நேரம் வாயு என்று வைத்திருந்து, பிறகு வாடகை வாகனம் தேடி அரை மணி நேரம் கழித்து எங்களிடம் கொண்டுவந்தார்கள். சாம்பல்தீவில் அவருடைய இதயம் நின்றது. உப்புவெளி வரை நெஞ்சை அழுத்திக்கொண்டு போனோம். திரும்பி வரும்போது அண்ணை பேசவேயில்லை. இறக்கக்கண்டியில் வண்டியை நிறுத்தி முகம் கழுவிக்கொண்டு, “நாங்கள் எடுத்தது அம்பது நிமிசம், அவை எடுத்தது மூண்டரை மணித்தியாலம்” என்று மட்டும் சொன்னார்.

இப்போது வீடுகளிலிருந்து வரும் அழைப்புகளுக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் போகிறது. அது 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் எங்கள் பக்கத்துக்கும் வந்தது, கட்டணமில்லை. எங்கள் வண்டி பெரும்பாலும் வைத்தியசாலைக்கு வைத்தியசாலை நோயாளரை மாற்றவே ஓடுகிறது. ஆனாலும் வீட்டிலுள்ளவர்கள் செய்யக்கூடியது மாறவில்லை என்று அண்ணை சொல்வார். அழைத்தவர் தொலைபேசியை வைத்துவிட்டு நோயாளியின் பக்கத்திலேயே நின்றுவிடுவார். வண்டி ஒழுங்கைக்குள் நுழைந்து எந்த வீடென்று தெரியாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். ஒருவர் டோர்ச்சோடு பிரதான வீதிச் சந்திக்கு வந்து நிற்க வேண்டும். படலையைத் திறந்துவைத்து நாயைக் கட்ட வேண்டும். கோயிலடி, பள்ளிவாசலடி என்று இரவில் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தைச் சொல்ல வேண்டும். மாமரம், மஞ்சள் மதில் எல்லாம் இரவில் உதவாது. பாம்புக்கடிச் சந்தேகமென்றால் கயிற்றால் இறுக்கிக் கட்டவோ கீறவோ பாம்பைத் தேடி அலையவோ நேரம் செலவிடாமல், ஆளை நடக்க விடாமல் கொண்டுவர வேண்டும். வாடிகளில் படுப்பவர்களிடம் அவர் ஓயாமல் சொன்னது ஒன்றே: ஒரு கட்டில், இல்லாவிட்டால் நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருகிவிட்டுப் படுங்கள். அந்த இளைஞன் இப்போது கட்டிலில் படுக்கிறானாம். அவனுடைய அண்ணன் இன்னும் தரையில்தானாம்.

பிரியாவிடைக்குப் பிறகு அண்ணை புதிய சாரதியிடம் வண்டித் திறப்பையும் றனிங் சாட்டையும் ஒப்படைத்தபோது, கூடவே ஒரு பாடசாலைக் கொப்பியையும் கொடுத்தார். அப்படியொன்று இருப்பது எனக்கே அன்றுவரை தெரியாது. வைத்தியசாலை வாசலிலிருந்து கிலோமீற்றர் வாரியாக எழுதியிருந்தார்: எந்த மாதத்தில் எந்த இடத்தில் மாடு படுக்கும், எங்கே தொலைபேசி அலை அறும், எந்த ஒழுங்கைக்குள் வண்டி திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகத்தான் போக வேண்டும், எந்தப் பாலத்தின் எந்தப் பொருத்துத் தூக்கிப்போடும்.

சென்ற வாரம் ஓர் இரவு, குறைமாதத்தில் வலி கண்ட ஒரு தாயோடு போய்வந்தோம். புதியவர் இன்னும் சற்று வேகம்தான். இரண்டு இடத்தில் நான் சொல்ல வேண்டியிருந்தது. திரும்பி வந்து சாமான்களைச் சரிபார்க்கும்போது சிலிண்டரின் நூல் புதிதாக இருப்பதைக் கண்டேன். பழையது இற்றுப்போயிருந்ததாம். கொப்பி முன் ஆசனத்தில் விரிந்து கிடந்தது. கும்புறுப்பிட்டிக்குரிய பக்கத்தில், அண்ணையின் சாய்ந்த எழுத்துக்குக் கீழே, வேறொரு கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: “மதகடியில் புதுக் குழி, இடப்பக்கம். பின்னால் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.”